ஒரே படத்தில் பகலும் இரவும்

மூன்றாவது தடவையும் அந்த மனிதன் சிரித்தான். வாய் மட்டும்தான் சிரித்தது. புருவம் இரண்டும் நெருங்கி, நெற்றி சுருங்கி, கண் யாரையோ அடிக்கப் போகிறவனின் கண்ணாக இருந்தது. தலைக்கு மேலே ஒரு பக்கம் நட்சத்திரம், மறுபக்கம் நடுப்பகல் சூரியன். படகின் நுனியில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் அது எதற்கு எரிகிறது என்று விளங்கவில்லை.

அதற்குமேல் நான் கணினித் திரையைப் பார்க்கவில்லை. அதன் முன்னால் கதிரையில் இருந்த பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தேன்.

திருகோணமலையில் துறைமுகப் பக்கம் இறங்குகிற தெருவொன்றில் எனக்கு ஒரு சின்ன அச்சுக் கடை இருக்கிறது. கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், கோயில் திருவிழா பனர், சாப்பாட்டுக் கடைகளின் விலைப்பட்டியல் எல்லாம் செய்வோம். இரண்டு வருடமாகப் படங்களுக்கு ஏஐ பாவிக்கிறோம். வேண்டியதை எழுதிக் கொடுத்தால் அது படம் கீறித் தரும். அப்படி எழுதிக் கொடுப்பதைப் பிராம்ப்ட் என்பார்கள். எழுத்துகளை நாங்கள் வேறாகப் போட்டுக்கொள்வோம், தமிழ் எழுத்தை அதனிடம் விட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும்.

கடையில் என்னோடு வேலை செய்தது அந்தப் பிள்ளை மட்டும்தான். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வந்து நாலு மாதம். அதற்கு முன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த இன்னொரு அச்சுக் கடையில் வேலை செய்தவள். அவள் என்னிடம் வந்து சேர்ந்த கிழமையே அந்தக் கடைக்காரர் என்னைச் சந்தையடியில் கண்டு, "அந்தப் பிள்ளையோ? கொஞ்சம் பாத்து நடவுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் பையோடு போய்விட்டார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. கேட்காததால் அந்தச் சொல் எனக்குள்ளேயே கிடந்து பெருத்தது. நான் உள்ளே வரும்போது அவள் போனைக் கவிழ்த்து வைத்தால், ஏன் கவிழ்க்கிறாள் என்று நினைப்பேன். கவிழ்க்காமல் வைத்திருந்தால், இண்டைக்கு மட்டும் ஏன் கவிழ்க்கவில்லை என்று நினைப்பேன்.

இந்த வேலையை எங்களிடம் கொண்டுவந்தது இறக்கக்கண்டி மீனவர் சங்கத்தின் செயலாளர். அவரோடு ஒரு பெண்ணும் வந்திருந்தா. நாற்பது வயதிருக்கும். கடையில் இருந்த நேரம் முழுக்கக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தா. செயலாளர்தான் கதைத்தார். அந்தப் பெண்ணின் கணவர் போன வருடம் இருட்டில் படகில் வலையோடு நின்றபோது, வேகமாக வந்த இன்னொரு படகு அவருடைய படகில் மோதிவிட்டது. அவருடைய படகில் விளக்கு எரியவில்லை. உயிர்காப்பு அங்கி இருந்தது, பலகைக்குக் கீழே மடித்தபடி. அவரை மறுநாள் உடலாகத்தான் எடுத்தார்கள்.

"சங்கத்தில பெரிய போஸ்டர் ஒண்டு ஒட்ட வேணுமெண்டு இவதான் ஒரே பிடியா நிண்டவ" என்றார் செயலாளர். "கடலுக்குப் போறவன் அங்கியைப் போடவேணும், லைட்டைக் கொளுத்த வேணும். அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம் என்றாலும், அவர் நீட்டிய தாளில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தது. சங்கத்தில் ஆறு பேர் இருந்து யோசித்ததாம். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்ல, அவர் ஒன்றும் விடாமல் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரவாக இருக்க வேண்டும், விளக்கு எரிவது தெரிய வேண்டும். அங்கியின் செம்மஞ்சள் நிறம் வெயிலில் பார்ப்பதுபோல் பளிச்சென்று இருக்க வேண்டும். ஆள் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அப்போதுதான் இளம் பெடியன்கள் அங்கியை விரும்பிப் போடுவார்கள். ஆனால் இது உயிர் விஷயம், முகம் கடுமையாக இருக்க வேண்டும்.

இதை நான் அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, "அவை சொன்னதில ஒண்டும் விடாம அடியுங்கோ" என்றேன்.

அவள் வாசித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஒண்டோட ஒண்டு ஒத்துவரல்லையே. இரவு எண்டும் இரிக்கு, வெயில் எண்டும் இரிக்கு. அது எதை எடுக்கும்?" என்றாள்.

"காசு குடுக்கிறவை அவை. அடியுங்கோ."

முதல் படம் வந்தது. சூரியன், சிரிப்பு. "நல்லா விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ" என்றேன். சூரியன் வேண்டாம், பல் தெரியச் சிரிக்க வேண்டாம் என்று கீழே சேர்க்கச் சொன்னேன். அவள் சேர்த்தாள். இரண்டாவது படத்தில் சூரியன் முன்னதை விடப் பெரிதாக வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்வதற்காகச் சூரியன் என்ற சொல்லை எழுதினாலும், சில வேளைகளில் அது அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சூரியனையே கீறிவிடும். அது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தோன்றியது, இவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்பதுதான்.

பிறகு அவள், "அக்கா, வெயிலையும் சிரிப்பையும் முழுசா எடுத்துட்டு ஒருக்காப் பாப்பம்" என்றாள். புதிதாகத் தொடங்கி நாலே வரி அடித்தாள். படம் வந்தது. அதைத்தான் முதலில் சொன்னேன், மூன்றாவது தடவையும் அந்த மனிதன் சிரித்தான்.

"எடுத்தனான் எண்டு சொன்னீங்கள்?"

"எடுத்தனான் அக்கா."

"அப்ப சூரியன் எங்கயிருந்து வந்தது?"

அவள் திரையையே பார்த்தாள். "தெரியல்ல" என்றாள். அந்தத் தெரியல்ல எனக்குப் பொய்யாகப் பட்டது.

பின்னேரம் அவள் கிண்ணியா பஸ்ஸுக்குப் போன பிறகு, நான் அவளுடைய கதிரையில் இருந்து, கணினியில் பழைய பிராம்ப்ட்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அந்த வேலையைச் செய்யும்போது வாசல் கதவைச் சாத்தி வைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என்னுடைய கடையில், என்னுடைய கணினியில், கள்ளியைப்போல இருந்தேன். மூன்றாவது பிராம்ப்ட்டில் அவள் சொன்னபடி நாலே வரிதான் இருந்தது. "கடலில் ஒரு சிறிய மீன்பிடிப் படகு. இரவு. படகில் விளக்கு எரிகிறது. செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி போட்ட மீனவர், கடுமையான முகம்." வெயில் இல்லை, சிரிப்பு இல்லை.

அவள் சொன்னது உண்மை என்று அத்தோடு எனக்கு மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. எழுத்தில் இல்லாதது படத்தில் வருகிறதென்றால், இவள் நான் காணாத இடத்தில் ஏதோ செய்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பழைய கடைக்காரர் சந்தையடியில் சொன்ன சொல்லுக்கு இப்போது ஆதாரம் கிடைத்ததுபோல இருந்தது. எங்கள் வேலை கெட்டுப் போனால் அந்தச் சங்கம் அடுத்ததாக எந்தக் கடைக்குப் போகும் என்றும் யோசித்து வைத்துவிட்டேன்.

நடுவில் செயலாளர் இரண்டு தரம் போன் எடுத்து அவசரப்படுத்தியிருந்தார். இன்னும் முடியாத படம் என்று சொல்லி மூன்றாவதை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"என்ன இது? எங்களை வச்சுப் பகிடி பண்ணுறீங்களோ? செத்த வீட்டில நிண்டு சிரிக்கிற மாதிரி இருக்கு. இதை எப்பிடி அவவிட்டக் காட்டுறது?"

"காட்டாதேங்கோ. நாளைக்கு வேற படம் தாறன்."

"குரூப்பில போட்டிட்டன்" என்றார் அவர்.

மறுநாள் காலை கடை திறந்து தூசி தட்டிக்கொண்டிருக்கையில் அந்தப் பெண் தனியாக வந்து நின்றா. இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறா. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. போனைத் திறந்து மேசையில் வைத்தா.

"இதை ஆர் செய்தது?"

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் என் பார்வை போன திசையில் பார்த்தா. இப்போது நினைத்தால் எனக்கு அந்த ஒரு பார்வைதான் மிகவும் வெட்கமாக இருக்கிறது. வாய் திறக்காமலே நான் ஒருவரைக் காட்டிக் கொடுத்துவிட்டேன், அதுவும் செய்யாத ஒன்றுக்கு.

"மெசின்தான் கீறினது அம்மா" என்றாள் பிள்ளை.

"அவற்ற படத்தைக் குடுத்துக் கீறினதோ?"

எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. அந்தப் பெண் விரலால் போனைத் தொட்டு முகத்தைப் பெரிதாக்கினா. "இந்தத் தாடி அவற்ற தாடி. இந்த மூக்கும். செத்த ஆளின்ர முகத்தை எடுத்து இப்பிடிச் சிரிக்க வைக்க ஆர் சொன்னது?"

அவருடைய படம் எங்களிடம் இல்லவே இல்லை என்று சொன்னேன். ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற தாடிதான் அது. ஆனால் அவ நம்பவில்லை. நம்பாததற்கு அவவிடம் காரணமும் இருந்தது. கணவர் இறந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். போகும்போது சுவரில் இருந்த அவருடைய படத்தையும் போனில் எடுத்துக்கொண்டு போனார்களாம். "எடுத்தவை ஒருத்தரும் பிறகு வரேல்ல. படம் மட்டும் எங்கயோ எல்லாம் திரியுது."

பிள்ளை திரையை அவவின் பக்கம் திருப்பினாள். "அம்மா, நாங்க குடுத்தது முழுக்க இதுதான். படம் ஏதும் குடுத்திருந்தா இந்த இடத்தில தெரியும். பாருங்க."

அந்தப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டு, குனிந்து, எழுத்தின் கீழே விரலை ஓட்டி வாசித்தா. முதலாவதை, இரண்டாவதை, மூன்றாவதை. மூன்றாவதை இரண்டு தரம் வாசித்தா.

"இதில சிரிக்கச் சொல்லி ஒண்டும் இல்லையே."

"இல்லை அம்மா."

"அப்ப ஏன் சிரிக்கிறான்?"

"அதுதான் எனக்கும் விளங்கல்ல" என்றாள் பிள்ளை. பிறகு என்னிடம் திரும்பினாள். "அக்கா, இதே நாலு வரியை என்ட போன்ல போட்டுப் பாப்பமா? எனக்கும் இதே ஏஐ இரிக்கு, வேற கணக்கு. அதிலயும் சூரியன் வந்தா பிழை எழுத்தில. வரல்லையெண்டா பிழை இந்தக் கணக்கில."

நல்ல யோசனை. ஆனால் என் மனம் உடனே, எங்கள் வேலையைத் தன்னுடைய போனுக்கு எடுக்கப் பார்க்கிறாள் என்றது. "கடை வேலையைப் போனில போடுறதெண்டால்..." என்று இழுத்தேன்.

"செய்யுங்கோ பிள்ளை" என்றா அந்தப் பெண். "நானும் பாக்கிறன்."

மூவரும் ஒரு போனுக்கு மேலே குனிந்து நின்றோம். படம் மேலேயிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. கறுப்பு வானம். அதற்குக் கீழே இருண்ட கடல். விளக்கு. அங்கி போட்ட ஒருவன், சிரிக்கவில்லை. முகம் சரியான இருட்டு, பாதி தெரியவில்லை. ஆனால் அது இரவு. சந்தேகமில்லாத இரவு.

அதே எழுத்து அவளுடைய போனில் சொன்னதைக் கேட்கிறது, என்னுடைய கணினியில் கேட்கவில்லை. என்னுடைய கணக்கின் கடவுச்சொல் தெரிந்தது எங்கள் இருவருக்கும் மட்டும். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்தா.

"நான் சந்தைக்குப் போட்டு வாறன்" என்றா. "வரேக்க ஒரு முடிவு சொல்லுங்கோ." பிள்ளையும் ஏதோ வாங்க வேண்டுமென்று அவவோடு வெளியே இறங்கினாள். எனக்கு முன்னால் இருக்க அவளுக்கு விருப்பமில்லை என்று விளங்கியது.

நான் தனியே இருந்து அந்தக் கணக்கில் உள்ள பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. அவள் செய்து வைத்த ஏதோ ஒன்று. அமைப்புகளுக்குள் ஓரிடத்தில், எப்போதும் பின்பற்ற வேண்டியவை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினால், பிறகு கேட்கிற ஒவ்வொரு படத்தோடும் அதையும் அது சேர்த்து எடுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. பிராம்ப்ட்டில் அது தெரியவும் தெரியாது. கட்டத்துக்குள் இப்படி இருந்தது:

"எப்போதும் பகல் வெளிச்சம், நீல வானம், பளிச்சென்ற வெயில். மனிதர்கள் எல்லோரும் பல் தெரியச் சிரித்த முகமாக, சந்தோஷமாக இருக்க வேண்டும்."

அது அவளுடைய எழுத்தில்லை. அவள் எழுதுவது எப்போதும் சின்னச் சின்ன வசனம். பளிச்சென்ற என்பது என்னுடைய சொல். என்னுடையதுதான். வெள்ளைக்காரர் வருகிற காலத்தில், நிலாவெளிப் பக்கம் திமிங்கிலம் பார்க்கப் படகு விடுகிற ஒருவருக்கு இருபது இருபத்தைந்து படம் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் வெயிலும் சிரிப்பும் அடிக்க அலுப்பும் பஞ்சியுமாகி, ஒருநாள் இந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்து, என்ன கெட்டித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டு எழுதி வைத்தேன். அந்தப் பிள்ளை கடைக்கு வருவதற்கு எத்தனையோ மாதத்துக்கு முந்தி. பிறகு மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு செய்தவை எல்லாம் கலியாணக் கார்டும் பிறந்தநாளும். அவற்றில் வெயிலும் சிரிப்பும் வந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

எனக்கு முதலில் வந்த எண்ணம் மன்னிப்புக் கேட்பதில்லை. அவள் வருவதற்கு முன் இதை அழித்துவிட வேண்டும் என்பதுதான். அழித்தேன். மூன்று தரம் தெரு வாசலைப் பார்த்துவிட்டு அழித்தேன். அழித்த பிறகு அதே நாலு வரியைப் போட்டேன். இரவு வந்தது. சிரிப்பு இல்லை.

அவர்கள் இருவரும் ஒன்றாகவே திரும்பி வந்தார்கள். பிள்ளையின் கையில் மூன்று பிளேன்டீ கப் இருந்த தட்டு. நான் திரையைக் காட்டி, "இப்ப சரியா வருது" என்றேன்.

பிள்ளை தட்டை மேசையில் வைத்தாள். "என்ன செய்தீங்க அக்கா?"

"ஒண்டும் இல்லை. திரும்பப் போட்டனான். சரியா வந்தது."

"தானாச் சரியாகாது அக்கா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நேத்து மூணு தரம் பிழையா வந்தது. இண்டைக்கு என்ட போன்ல சரியா வந்தது. இப்ப இதிலயும் வருதெண்டா, இடையில ஆரோ எதையோ மாத்தியிரிக்காங்க. நான் இங்க இல்ல."

அவள் இப்போது என்னைப் பார்த்த பார்வை, நாலு மாதமாக நான் அவளைப் பார்த்த அதே பார்வை. அதன் மறுபக்கத்தில் நிற்பது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது.

சொன்னேன். கட்டத்தைத் திறந்து, வெறுமையாக இருப்பதைக் காட்டி, அதற்குள் என்ன இருந்தது, யார் எழுதியது, எப்போது எழுதியது, ஒரு கால் மணித்தியாலத்துக்கு முன் ஏன் அழித்தேன் என்று எல்லாம் சொன்னேன். அந்நியப் பெண்ணொருத்தி கேட்டுக்கொண்டிருக்கையில் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆனால் நேற்று அவவுக்கு முன்னால்தானே காட்டிக் கொடுத்தேன்... நேற்று அல்ல, அன்று காலைதான். எனக்கு ஒரு நாள் போனதுபோல இருந்தது.

"நான் செய்திரிப்பன் எண்டுதானே நினைச்சீங்க?"

"ஓம்" என்றேன்.

அவள் ஒரு கப்பை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். தன்னுடையதை எடுத்தாள். என்னுடையதைத் தட்டிலேயே விட்டாள். பிறகு கதிரையில் இருந்து, "சரி, வேலையைப் பாப்பம். இன்னும் முடியல்லையே" என்றாள். அதைவிட அவள் என்னை ஏசியிருக்கலாம்.

உண்மையில் வேலை முடியவில்லைதான். அந்த நாலு வரியில் சங்கம் கேட்டதில் பாதிதான் இருந்தது. அங்கியின் நிறம் இருட்டில் மங்கியிருந்தது. முகம் பார்க்கவே பயமாக இருந்தது. மீதியைத் தாளில் உள்ளபடி திரும்பச் சேர்த்ததும், சூரியன் வரவில்லை, ஆனால் வானம் விடியலா மம்மல் பொழுதா என்று சொல்ல முடியாத ஒரு நிறமானது. முகம் மறுபடி அந்தச் சீறுகிற சிரிப்பு. இன்னொரு தரம் போட, சிரிப்பு மட்டும் வந்தது. இன்னொரு தரம், கடுமை மட்டும். ஒவ்வொரு தரமும் அது எதையோ ஒன்றைக் கையில் எடுத்து, மற்றதை விட்டது அல்லது இரண்டையும் குழைத்தது.

பிள்ளை தாளை மேசையில் விரித்து, ஒன்றோடொன்று முட்டுகிற சொற்களுக்குக் கீழே ஒரே நிறப் பேனையால் கோடு போட்டாள். இரவுக்கும் வெயிலுக்கும் நீலம். சிரிப்புக்கும் கடுமைக்கும் சிவப்பு. "அம்மா, நிறத்துக்கு ஒண்டுதான் வைக்கலாம். ரெண்டையும் வச்சா அது எங்களிட்டக் கேக்காது. தன்ட பாட்டில ஒண்டச் செய்யும்."

செயலாளருக்குப் போன் எடுத்து எல்லோரும் கேட்கும்படி வைத்தோம். எதை விடுவது என்றதும் அவருடைய குரல் மாறியது. "விடுறதோ? ஆறு பேரும் சொன்னதை நான் எப்பிடி விடுறது? நீங்கள் செய்ய ஏலாமல் சாட்டுச் சொல்லுறீங்கள் போல."

"ஏன் வெயில் கேட்டவை?" என்று அந்தப் பெண் இடையில் கேட்டா. அவ அங்கே இருப்பது செயலாளருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அங்கி தெரிய வேணுமெண்டு, தங்கச்சி."

"அப்ப கேக்கிறது வெயில் இல்லை, அங்கி தெரியிறது. லைட் வெளிச்சத்தில தெரிஞ்சால் காணாதோ? அதுக்குத்தானே லைட்?"

செயலாளர் "ம்" என்றார். பிள்ளை வெயில் என்ற சொல்லை வெட்டிவிட்டு, பக்கத்தில் எழுதினாள்: படம் முழுவதற்கும் ஒரே வெளிச்சம், படகு விளக்கின் வெளிச்சம், அது நேரே அங்கியில் விழுகிறது.

"முகம்?" என்றேன் நான்.

அந்தப் பெண் தேத்தண்ணிக் கப்பைக் கீழே வைத்தா. "கடலுக்கு வெளிக்கிடேக்க அவர் சிரிக்கிறதில்லை. கோவமும் இல்லை. எஞ்சின் பாப்பார், எண்ணெய் பாப்பார், கயிறு பாப்பார். நாங்கள் கூப்பிட்டாலும் கேளாது. தான் செய்யிறதைப் பாத்துக்கொண்டிருக்கிற முகம்தான்."

பிள்ளை சிவப்புக் கோடு போட்ட இரண்டு சொல்லையும் வெட்டினாள். சிரித்த முகமும் போயிற்று, கடுமையான முகமும் போயிற்று. "குனிந்து, இரண்டு கையாலும் தன் அங்கியின் பட்டியைக் கொளுவுகிறார். கண் அந்தப் பட்டியில் இருக்கிறது" என்று அடித்தாள். முகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. என்ன செய்கிறான் என்று மட்டும் எழுதினாள்.

"வேற முகம் வேணும்" என்றா அந்தப் பெண் சட்டென்று. "தாடி இல்லாத ஆள். அவற்ற சாயல் வரப்படாது."

தாடி வேண்டாம் என்று எழுதப் போனவளை நான் தடுத்தேன், சூரியனோடு பட்ட பாடு நினைவிருந்தது. "சவரம் செய்த முகம், இருபத்தைந்து வயது" என்று அடித்தாள்.

வந்த படத்தை மூவரும் குற்றம் பிடிக்கவே பார்த்தோம். கறுநீல வானம். ஒரு கம்பில் விளக்கு. அதன் மஞ்சள் வெளிச்சம் ஒரு இளம் ஆளின் கையிலும் அங்கியிலும் விழுந்து, அந்தச் செம்மஞ்சள் இருட்டுக்குள் தனியே எரிந்தது. அவன் குனிந்து பட்டியைக் கொளுவிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் முகத்தைப் பெரிதாக்கச் சொன்னா. பார்த்தா. விரல்களை எண்ணச் சொன்னா, யாரோ அவவிடம் ஏஐ விரலில் பிழைவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்தைந்துதான். கைப்பையை எடுத்து எழும்பினா.

"சரியோ?" என்று கேட்டேன்.

"ஆர் எண்டு தெரியாத ஆள். அது சரி" என்றா.

போஸ்டரை அடித்து முடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பிள்ளையும் அதைக் கொண்டு இறக்கக்கண்டிக்குப் போனோம். அவளை வரச் சொல்லிக் கேட்டேன். வருவாளோ என்று நிச்சயமில்லை. வந்தாள், பஸ்ஸில் எனக்குப் பக்கத்திலும் இருந்தாள், ஆனால் அதிகம் கதைக்கவில்லை. சங்கக் கட்டடத்தின் வெளிச்சுவரில், கரைக்குப் போகிற எல்லோரும் காணுகிற இடத்தில் ஒட்டினோம்.

வலை திருத்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் எழும்பி வந்து சுற்றி நின்றார்கள். முதலில் கேட்டது, "இது எந்த ஊர்ப் பெடியன்?" ஒருவனும் இல்லை, மெசின் கீறினது என்றதும் எல்லோருடைய முகத்திலும் ஒரு ஐமிச்சம் வந்தது. நம்பாமல் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். படகின் முன்பக்கம், அணியம், இப்படி வராது என்றார் ஒருவர். கடல் சரியில்லை, இது குளத்துத் தண்ணி என்றார் இன்னொருவர். வயதான ஒருவர் விளக்கைக் காட்டி, "இவ்வளவு பதிவாக் கீழ கட்டினால் எதிரில வாறவனுக்கு என்னண்டு தெரியும்? ஆள் எழும்பினால் மறைச்சுப்போடும்" என்றார்.

"நீ எங்க கட்டியிருக்கிறாய்?" என்று கேட்டார் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்.

"அதைவிட உயரத்தில."

"எரியுதோ?"

வயதானவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையில் ஏற்றி வைத்திருந்த தன்னுடைய படகை நோக்கி மணலில் நடந்தார். மற்றவர்களில் இருவர், விளக்கு எரியுமோ எரியாதோ என்று பார்க்க அவருக்குப் பின்னால் போனார்கள்.